எல்லாத்தையும் தாங்குற கிரிஸ்டல் ஏன் வெயில்ல நிலைக்க மாட்டேங்குது?

கேள்வி: "பெரோவ்ஸ்கைட்ல டிஃபெக்ட் எவ்ளோ இருந்தாலும் எஃபிஷியன்சி பெருசா குறையாதுன்னு சொல்றாங்க, சிலிக்கானை எட்டிப் பிடிச்சாச்சுன்னும் சொல்றாங்க. அப்புறம் ஏன் இன்னும் மார்க்கெட்டுக்கு சரியா வரல? ஈரம் பட்டா கெட்டுப்போறது மட்டும்தான் பிரச்னையா?"

பெரோவ்ஸ்கைட்ங்கறது சோலார் செல்லுல சிலிக்கானுக்குப் பதிலா வெளிச்சத்தை உறிஞ்சப் போடற ஒரு வகை கிரிஸ்டல், டிஃபெக்ட்ங்கறது அந்த கிரிஸ்டல்ல அணு விட்டுப்போன இல்லாட்டி தப்பா உக்காந்த இடம். பிரச்னை ஈரம் மட்டும் இல்லங்க. ஈரம் வெளியில இருந்து வர்றது, ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல செல்லை வச்சு ஓரத்தை பியூட்டைல் ரப்பர் போட்டு அடைச்சுட்டா அதைப் பெரும்பாலும் தடுத்துடலாம். அடைச்சும் தடுக்க முடியாத தொல்லை செல்லுக்குள்ளயே இருக்கு. இந்தப் பொருள் டிஃபெக்டைத் தாங்குறதுக்கு எது காரணமோ அதுக்கு ரொம்ப நெருங்கின சொந்தம்தான் அது நிலைக்காம போறதுக்கும் காரணம். பல வருஷமா லேப்ல இந்த ஃபிலிம் போடறதும் அது கெட்டுப்போறதை அளக்கறதும்தான் என் வேலை, அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

முதல்ல ஃபிலிம் எப்படி உருவாகுதுன்னு பாத்துடலாம், அது தெரிஞ்சாதான் டிஃபெக்ட் பத்தின பேச்சோட கனம் புரியும். ஈயமும் அயோடினும் சேந்த லெட் அயோடைடு, மெத்தில் அமோனியம் அயோடைடு ரெண்டு பொடியையும் ஒரு கரைப்பான்ல கரைச்சா மஞ்சளா ஒரு திரவம் கிடைக்கும். அதுல சில சொட்டு கண்ணாடி மேல விட்டு நிமிஷத்துக்கு 4000 சுத்து வேகத்துல சுத்த விடுவோம், சுத்திக்கிட்டு இருக்கும்போதே சரியான நொடியில குளோரோபென்சீன் மாதிரி இன்னொரு திரவத்தை மேல ஊத்துவோம். அது கரைப்பானை சட்டுன்னு இழுத்துக்கும், உடனே அந்த இடத்துலயே குட்டிக் குட்டியா கிரிஸ்டல் விதைகள் விழுந்துடும். அப்புறம் 100 டிகிரி ஹாட்பிளேட்ல வச்சா கண்ணு முன்னாடியே கருப்பாகி, பத்து நிமிஷத்துல கண்ணாடி மாதிரி பளபளன்னு ஆயிடும். அவ்ளோதான், தடிமன் சுமார் 500 நானோமீட்டர். இதே இடத்துல சிலிக்கானை யோசிச்சுப் பாருங்க, 1414 டிகிரியில உருக்கி, மெதுவா இழுத்து, அசுத்தம் பத்து லட்சத்துல ஒரு பங்குக்கும் கீழ இருக்கற மாதிரி பாத்துப் பாத்து செய்யணும். நாங்க சில சொட்டு திரவத்துல பத்து நிமிஷத்துல வளர்த்த கிரிஸ்டல்ல அணு இல்லாத காலி இடம், ஓரம், எல்லை எல்லாம் எக்கச்சக்கமா இருக்கும். சிலிக்கான்ல அந்த அளவு டிஃபெக்ட் இருந்தா அது சோலார் செல்லா வேலை செய்யாது, இது செய்யுது.

ஏன் செய்யுதுங்கறதுதான் விஷயம். வெளிச்சம் பட்டு ஒரு எலக்ட்ரான் மேல் மாடிக்குப் போகுது, கீழ் மாடியில ஒரு காலி இடம் விழுது, அதை ஹோல்னு சொல்றோம். ரெண்டும் வெவ்வேற பக்கம் போய் வெளிய வந்தாதான் கரண்ட். மேல் மாடிக்கும் கீழ் மாடிக்கும் நடுவுல எலக்ட்ரான் நிக்கவே கூடாத ஒரு இடைவெளி இருக்கு, அதுதான் பேண்ட் கேப். சாதாரண செமிகண்டக்டர்ல ஒரு அணு விட்டுப்போச்சுன்னா அறுந்த பிணைப்பு ஒன்னு தொங்கும், அதோட ஆற்றல் மட்டம் அந்த இடைவெளிக்கு சரியா நடுவுல வந்து உக்காரும். படிக்கட்டே இல்லாத ரெண்டு மாடிக்கு நடுவுல யாரோ ஒரு பலகை போட்ட மாதிரி ஆயிடும், எலக்ட்ரான் அந்தப் பலகைக்கு இறங்கி, அங்க இருந்து கீழ குதிச்சு ஹோலோட சேந்துடும், வாங்கின ஆற்றல் எல்லாம் சூடா வீணாப் போயிடும். இதே மட்டம் நடுவுல இல்லாம மாடியோட ஓரத்துலயே ஒட்டி இருந்தா கதை வேற. எலக்ட்ரான் அதுல விழுந்தாலும் அறை வெப்பத்துல இருக்கற சின்ன உதறலே போதும், திரும்ப மேல ஏறிடும்.

லெட் ஹாலைடு பெரோவ்ஸ்கைட்ல அதிகமா உருவாகிற காலி இடங்களோட மட்டம் எல்லாம் ஓரத்துலதான் வந்து விழுது. லெட்டோட வெளி எலக்ட்ரான் ஜோடி ஒன்னும் அயோடினோட எலக்ட்ரான்களும் கலந்துதான் கீழ் மாடியோட உச்சி உருவாகுது, அந்தக் கலப்பு ஆன்டிபாண்டிங் வகை, அதாவது அணுக்களை ஒன்னா இழுத்துப் பிடிக்கறதுக்குப் பதிலா தள்ளிவிடப் பாக்கற வகை. அந்தப் பிணைப்பு அறுந்தா மட்டம் நடுவுக்கு ஏறாது, கீழ் மாடிக்குள்ளயோ அதோட ஓரத்துலயோ மறைஞ்சுடும். 2014 வாக்குல வந்த கணக்கீடுகள்ல இது தெளிவாத் தெரிஞ்சுது, டிஃபெக்டைத் தாங்கும்னு பேர் வந்தது இதுனாலதான். இன்னொன்னு, இந்த கிரிஸ்டல் மின்னூட்டத்தை நல்லா மறைக்கும், டிஃபெக்ட் மேல இருக்கற மின்னூட்டம் தூரத்துல போற எலக்ட்ரானைப் பிடிச்சு இழுக்கறது குறைவு.

ஆனா எவ்ளோ டிஃபெக்ட் இருந்தாலும் பரவால்லன்னு எழுதறாங்க பாருங்க, அது சரியில்ல. தாங்குறதுக்கும் ஒரு எல்லை இருக்கு. கிரிஸ்டல் இடுக்குல தப்பா போய் உக்கார்ற அயோடின் அணு எலக்ட்ரானைப் பிடிச்சு வைக்கும், மேற்பரப்புல அயோடின் துணை இல்லாம நிக்கற லெட் அதைவிட மோசம். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்னு இருக்கு: ஃபிலிம் மேல லேசர் அடிச்சு அது எவ்ளோ திரும்ப ஒளிருதுன்னு பாக்கறது. நல்ல சோலார் செல் நல்ல எல்இடியாவும் இருக்கணும், ஏன்னா சூடா வீணாகாத ஆற்றல் ஒளியாத்தான் வெளிய வரணும். ஒளிர்ற அளவு பத்துல ஒரு பங்கா குறையும்போதெல்லாம் வோல்டேஜ்ல சுமார் 60 மில்லிவோல்ட் போகும். 1.55 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி உள்ள ஃபிலிமுக்கு அதிகபட்சம் சுமார் 1.27 வோல்ட் கிடைக்கணும், அது நூத்துல ஒரு பங்குதான் ஒளிருதுன்னா 120 மில்லிவோல்ட் போச்சு. வெறும் ஃபிலிம் நல்லா ஒளிரும், அதுக்கு மேலயும் கீழயும் எலக்ட்ரானையும் ஹோலையும் வெளிய எடுக்கற மத்த லேயரை ஒட்டினதும் ஒளி மங்கிடும், இது நான் திரும்பத் திரும்பப் பாத்தது. இழப்பு பெரும்பாலும் பெரோவ்ஸ்கைட்டுக்கு உள்ள இல்ல, அது மத்த லேயரைத் தொடற இடத்துலதான். சமீப வருஷத்துல எஃபிஷியன்சி ஏறினதும் பெரும்பாலும் அந்தத் தொடற இடத்தை ஒரு மூலக்கூறு தடிமன்ல பூசி சரி பண்ணினதாலதான்.

எஃபிஷியன்சி வளர்ந்த வேகம் உண்மைதான், அதுல சந்தேகம் வேண்டாம். 2009ல ஜப்பான்ல மியாசகா குழு முதல்ல 3.8 சதவீதம் காட்டினாங்க, அந்த செல்லுக்குள்ள இருந்த திரவமே பெரோவ்ஸ்கைட்டைக் கரைச்சு நிமிஷக் கணக்குல முடிச்சுடுச்சு. 2012ல திரவத்தை எடுத்துட்டு திடப் பொருள் வச்சதும் 10 சதவீதம் பக்கம் வந்துது, இப்போ 26 சதவீதத்தைத் தாண்டியாச்சு, சிலிக்கான் மேல அடுக்கின டேண்டம் செல் 34 சதவீதத்தைத் தாண்டிடுச்சு. ஒன்னு கவனிக்கணும், தனி பெரோவ்ஸ்கைட் சாதனை பெரும்பாலும் விரல் நகத்தைவிட சின்ன செல்லுல எடுத்தது. பேனல் அளவுக்குப் பெருசாக்கினா எண் இறங்கும், ஆனா அது மெல்ல மெல்ல சரியாகிற விஷயம்தான், எனக்கு அது பெரிய கவலையா படல.

இப்ப அந்தக் காசோட மறுபக்கத்துக்கு வரேன். பிணைப்பு பலமில்லாம தளர்வா இருக்கறதால காலி இடம் உருவாக ஆற்றல் அதிகம் தேவையில்ல, அதனாலதான் நிறைய உருவாகுது, உருவானாலும் எலக்ட்ரானுக்குப் பெரிய தொந்தரவு இல்ல. ஆனா அந்தக் காலி இடம் சும்மா ஒரே இடத்துல இருக்காது. பக்கத்துல இருக்கற அயோடைடு அயனி அதுல தாவி வந்து உக்காரும், அது விட்ட இடத்துக்கு அடுத்தது வரும். இந்தத் தாவலுக்கு வேண்டிய ஆற்றலை ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி அளந்திருக்காங்க, 0.6 எலக்ட்ரான் வோல்ட்னு வச்சுக்கிட்டா அறை வெப்பத்துல ஒரு காலி இடம் நொடிக்கு நூறு தடவை கிட்ட இடம் மாறும், 65 டிகிரியில அது ஆயிரத்தைத் தாண்டும். வெயில்ல இருக்கற பேனல் சாதாரணமா 65 டிகிரி வரும். சிலிக்கான்ல அந்த வெப்பத்துல அணுக்கள் வச்ச இடத்துல அப்படியே இருக்கும். ஆக நம்ம கையில இருக்கறது பாதி செமிகண்டக்டர், பாதி பேட்டரிக்குள்ள இருக்கற எலக்ட்ரோலைட்.

இதோட முதல் அடையாளம் அளக்கும்போதே தெரியும். வோல்டேஜை மேல இருந்து கீழ இறக்கி அளந்தா ஒரு எஃபிஷியன்சி, கீழ இருந்து மேல ஏத்தினா வேற எஃபிஷியன்சி. அளக்கற நேரத்துக்குள்ள அயனிகள் நகர்ந்து உள்ள இருக்கற மின்புலத்தை மாத்திடுது. 2014 வரைக்கும் வந்த பல எண்களை இதுக்காக மறுபடி யோசிக்க வேண்டி வந்துது. அதனால இப்போ ஒழுங்கா வேலை செய்றவங்க செல்லை அதிக பவர் தர்ற வோல்டேஜ்லயே நிறுத்தி வச்சு சில நிமிஷம் அப்படியே நிலைக்குதான்னு பாத்துட்டுதான் எண்ணைச் சொல்றாங்க.

ரெண்டாவது அடையாளத்தை நேர்லயே பாத்தேன், உங்க ஈரம் பத்தின கேள்விக்கு அதுவே நேர் பதில். ஒரு தடவை பின்பக்கம் வெள்ளி பூசின செல்களை நைட்ரஜன் நிரப்பின க்ளவ் பாக்ஸுக்குள்ளயே 85 டிகிரி ஹாட்பிளேட்ல மூணு நாள் வச்சோம். அதுக்குள்ள ஈரம் பத்து லட்சத்துல ஒரு பங்குக்கும் கீழ, ஆக்ஸிஜனும் அப்படித்தான், வெளிச்சமும் இல்ல. திரும்பி வந்து பாத்தா முன்பக்கக் கண்ணாடி வழியா ஃபிலிம் கருப்பா அழகா இருக்கு, பின்பக்கம் வெள்ளி மட்டும் பளபளப்பு போய் புள்ளி புள்ளியா மஞ்சள் கலந்த பழுப்பாயிடுச்சு. அளந்து பாத்தா கரண்ட் பாதிக்கு மேல போயிருந்துச்சு, கரண்ட்-வோல்டேஜ் வளைகோடு நடுவுல நெளிஞ்சு எஸ் மாதிரி இருந்துச்சு. நடந்தது என்னன்னா, பெரோவ்ஸ்கைட்ல இருந்து கிளம்பின அயோடைடு நடுவுல இருந்த ஆர்கானிக் லேயரோட ஊசித்துளை வழியா போய் வெள்ளியோட சேந்து சில்வர் அயோடைடு ஆயிருக்கு. தண்ணி ஒரு துளி கிடையாது. தங்கம் பூசினா தப்பிச்சுடலாம்னு நினைச்சா, 70 டிகிரி வாக்குல தங்கமே எதிர் திசையில பெரோவ்ஸ்கைட்டுக்குள்ள போயிடுது, 2016ல அதைக் காட்டிட்டாங்க. அதனாலதான் இப்போ கார்பன் எலக்ட்ரோடு, இல்லாட்டி அணு அடுக்கு முறையில போடற டின் ஆக்சைடு மாதிரி இடுக்கே இல்லாத தடுப்பு லேயர்னு போயிட்டு இருக்காங்க. அதுல நல்ல முன்னேற்றம் இருக்கு, இந்தப் பிரச்னை தீர்க்கக் கூடியதுன்னு நான் நம்பறேன்.

மூணாவது, ஃபிலிமே சிதையறது. மெத்தில் அமோனியம் லெட் அயோடைடு உருவாகும்போது கிடைக்கற ஆற்றல் லாபம் கிட்டத்தட்ட பூஜ்யம்தான், லெட் அயோடைடா பிரிஞ்சு போறதுக்குப் பெருசா தடை இல்ல. 85 டிகிரியில வச்சா மெத்தில் அமோனியம் பகுதி வாயுவா வெளியேறி கருப்பு மஞ்சளாயிடும், எக்ஸ்ரே டிஃப்ராக்ஷன்ல 12.7 டிகிரி கோணத்துல ஒரு உச்சி வந்துச்சுன்னா லெட் அயோடைடு வந்துடுச்சுன்னு அர்த்தம், கண்ணுக்கு மஞ்சள் தெரியறதுக்கு முன்னாடியே அது காட்டிக் கொடுத்துடும். மெத்தில் அமோனியத்தை எடுத்துட்டு ஃபார்மாமிடினியம் போட்டா சூட்டைத் தாங்கும், ஆனா அது அளவுல கொஞ்சம் பெருசு, அறை வெப்பத்துல கருப்பு வடிவத்துல நிக்க விரும்பாம மெல்ல மஞ்சள் வடிவத்துக்கு மாறும், மஞ்சள் வடிவம் வெளிச்சத்தை சரியா உறிஞ்சாது. கொஞ்சம் சீசியம் கலந்தா கருப்பு வடிவம் நிலைக்கும், இன்னைக்கு நல்ல செல் எல்லாம் ஏதோ ஒரு விதத்துல இப்படிக் கலந்து பண்ணினதுதான். டேண்டமுக்குன்னு இடைவெளியைப் பெருசாக்க அயோடினோட புரோமினும் கலக்கறாங்க, அங்க இன்னொரு சிக்கல். புரோமின் அளவு ஒரு எல்லையைத் தாண்டினா வெளிச்சம் பட்டதும் அயோடின் ஒரு பக்கமும் புரோமின் ஒரு பக்கமும் பிரிஞ்சு கூடும், அயோடின் கூடின இடம் குழி மாதிரி எலக்ட்ரானை இழுத்துக்கும், வோல்டேஜ் இறங்கும். இருட்டுல வச்சா திரும்ப ஒன்னாக் கலந்துடும், 2015ல இதை முதல்ல பாத்தப்போ நம்பவே கஷ்டமா இருந்துச்சு. இங்கயும் காரணம் அதேதான், அயனி நகர்றது.

இதெல்லாம் ஒன்னொன்னா சரி பண்ணிட்டு வராங்கன்னா அப்புறம் ஏன் தயங்கறாங்க? 25 வருஷம் உழைக்கும்னு எழுதிக் கொடுக்கறதுக்கு நம்பகமான கணக்கு இல்ல, இதுதான் என் பார்வையில இன்னைக்கு இருக்கற முக்கியமான தடை. ஒரு கணக்கு போட்டுக் காட்டறேன். பேனல் வருஷத்துக்கு 2000 மணி நேரம் சராசரி 45 டிகிரியில வேலை செய்யுதுன்னு வச்சுக்கலாம், 25 வருஷத்துக்கு 50,000 மணி நேரம். அவ்ளோ நாள் லேப்ல காத்திருக்க முடியாது, அதனால 85 டிகிரியில வச்சு வேகப்படுத்திப் பாக்கறோம். சிதைவுக்கு வேண்டிய ஆற்றல் 0.9 எலக்ட்ரான் வோல்ட்னா 85 டிகிரியில சிதைவு சுமார் 40 மடங்கு வேகம், 1250 மணி நேரம் அதாவது 52 நாள் தாங்கினா போதும். அதே ஆற்றல் 0.6 தான்னா 12 மடங்குதான், சுமார் 4200 மணி நேரம் வேணும், கிட்டத்தட்ட ஆறு மாசம். 0.3னா மூணரை மடங்குகூட இல்ல, ஒன்றரை வருஷத்துக்கு மேல ஓட்டணும். செல் ஒன்னுதான், சோதனையும் ஒன்னுதான், ஆனா ஆயுள் பத்தி வர்ற முடிவு பத்து மடங்கு வித்தியாசப்படுது. எது சரின்னு சொல்லணும்னா எந்த சிதைவு முன்னாடி நிக்குதுன்னு தெரியணும், அது செல்லோட அமைப்புக்கு அமைப்பு மாறுது, ஒரே செல்லுலயே 85 டிகிரியில ஒன்னும் 45 டிகிரியில வேற ஒன்னும் முன்னாடி நிக்கலாம். சிலிக்கானுக்கு இந்தத் தலைவலி இல்ல, பல பத்து வருஷமா வெளியில நிக்கற பேனல்களோட அளவு கையில இருக்கு, அதை வச்சு சோதனையைச் சரி பாத்துக்கலாம்.

இன்னொன்னு, சிலிக்கானை மனசுல வச்சு முதல்ல எழுதின ஐஇசி 61215ங்கற சர்வதேச தரச் சோதனையில 85 டிகிரி, 85 சதவீத ஈரப்பதத்துல 1000 மணி நேரம் வைக்கறாங்க, மைனஸ் 40ல இருந்து 85 டிகிரி வரைக்கும் 200 தடவை சூடாக்கிக் குளிரவும் விடறாங்க. கஷ்டமான சோதனைதான், சில பெரோவ்ஸ்கைட் மாட்யூல்கள் பாஸும் ஆயிடுச்சு. ஆனா அந்த ஈரப்பதச் சோதனை இருட்டுல நடக்குது. பெரோவ்ஸ்கைட்டுக்கு வெளிச்சமும் சூடும் ஒன்னா சேந்து வரும்போதுதான் அயனிகள் அதிகமா நகருது. அதுலயும் பகல் இரவுன்னு மாறி மாறி வரும்போது சில செல் ராத்திரியில தேறிக்குது, சில செல் தொடர்ந்து வெளிச்சத்துல வச்சதைவிட சீக்கிரமாவே கெடுது. அதனால 1000 மணி நேரம் தொடர் வெளிச்சத்துல நின்னுச்சுன்னு சொல்ற அளவை வச்சு மொட்டை மாடியில எப்படி இருக்கும்னு நேரடியா சொல்லிட முடியாது.

நிழல் விழறது பத்தி யாரும் அதிகம் பேசறதில்ல, பேச வேண்டியது. பேனல்ல செல்கள் வரிசையா கோத்து இருக்கும், ஒன்னு மேல ஒரு இலை விழுந்தா மத்ததெல்லாம் தர்ற கரண்ட் அந்த ஒன்னு வழியாவும் போயாகணும், அதனால அந்த செல் தலைகீழ் வோல்டேஜ்ல மாட்டிக்கும். சிலிக்கான் செல் பத்து வோல்டுக்கு மேலயும் தாங்கும், அதனால இருபது செல்லுக்கு ஒன்னுன்னு, கரண்டை வேற வழியில திருப்பிவிடற பைபாஸ் டயோடு போட்டா போதும். பெரோவ்ஸ்கைட் செல் பல சமயம் சில வோல்ட்லயே மாறத் தொடங்கிடுது, அயனி குவியுது, உலோகம் உள்ள இழுபடுது, சின்னப் புள்ளியில ஷார்ட் ஆகுது. அதே பெரோவ்ஸ்கைட்டை சிலிக்கானோட வரிசையா கோத்து டேண்டமா பண்ணினா தலைகீழ் வோல்டேஜோட பெரும்பகுதியை சிலிக்கான் வாங்கிக்கலாம். டேண்டம் முதல்ல சந்தைக்கு வர்றதுக்கு எஃபிஷியன்சிதான் பெரிய காரணம்னாலும் இதுவும் ஒரு சாதகம்னு நினைக்கறேன்.

வரவே இல்லன்னும் சொல்லிட முடியாது. 2024 செப்டம்பர்ல ஆக்ஸ்ஃபோர்ட் பிவி கம்பெனி டேண்டம் பேனல்களை அமெரிக்காவுல ஒரு மின் நிலையத்துக்கு அனுப்பிச்சாங்க, பேனல் எஃபிஷியன்சி 24.5 சதவீதம். அந்த மாதிரி பேனல் அஞ்சு, பத்து வருஷம் வெளியில நின்னு கிடைக்கற அளவுதான் மேல சொன்ன 0.3ஆ 0.9ஆங்கற குழப்பத்தைத் தீர்க்கும். டிஃபெக்டைத் தாங்குறது ஏன்னு புரிஞ்சிருக்கு, அயனி நகருதுங்கறது உறுதி, வெள்ளி கெடறது, ஃபார்மாமிடினியம் மஞ்சளாகறது எல்லாம் உறுதி. மேற்பரப்புல ஒட்டற மூலக்கூறுகள் ரெண்டு மூணு மாசம் காப்பாத்துறதும் உறுதி, அதுவே இருபது வருஷம் அங்கயே ஒட்டிக்கிட்டு இருக்குமாங்கறதுதான் எனக்கு சந்தேகம், ஏன்னா அதுல பலது அமோனியம் வகை உப்பு, அதுவும் சூட்டுல நகர்ற ஜாதிதான்.

இனிமே இது பத்தி ஏதாவது செய்தி படிச்சா எஃபிஷியன்சி எண்ணை அப்புறமா பாருங்க. என்ன வெப்பத்துல, வெளிச்சத்துலயா இருட்டுலயா, பவர் எடுத்துக்கிட்டே ஓட்டினாங்களா சும்மா வச்சாங்களா, முதல்ல இருந்த பவர்ல 80 சதவீதமா குறைய எத்தனை மணி நேரம் ஆச்சு, செல்லோட பரப்பு எவ்ளோன்னு தேடுங்க. 65 டிகிரியோ அதுக்கு மேலயோ, வெளிச்சத்துல, பவர் எடுத்துக்கிட்டே, உள்ளங்கை அளவுக்குக் குறையாத மாட்யூல்ல ஆயிரக்கணக்கான மணி நேரம்னு இருந்தா அதை உக்காந்து முழுசா படிங்க. அறை வெப்பத்துல அலமாரியில வச்சது 1000 மணி நேரம் அப்படியே இருந்துச்சுன்னு போட்டிருந்தா, அதுல இருந்து தெரியறது ஈரத்தை நல்லா அடைச்சிருக்காங்கங்கறது மட்டும்தான்.